சோடா விட்ட சாராயம் ஏன் முந்தி ஏறுகிறது?

உப்புவெளிக் கடற்கரையில் பொழுதுபட்ட பிறகு இரண்டு பேர் ஒரே போத்தல் தென்னஞ்சாராயத்தைப் பங்கிட்டுக் குடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே எடை, இருவருக்கும் வெறும் வயிறு. ஒருவர் 50 மில்லிலீற்றர் சாராயத்துக்கு 100 மில்லிலீற்றர் குளிர்ந்த சோடா விடுகிறார். மற்றவர் ஒன்றும் கலக்காமல் ராவாக இழுக்கிறார். யாருக்கு முதலில் வெறி ஏறும் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் ராவாகக் குடித்தவரைத்தான் காட்டுவார்கள். தொண்டை எரிவதை வைத்துச் சொல்லும் கணிப்பு அது. எரிச்சல் தொண்டையோடு நின்றுவிடும், வெறி குருதிக்குப் போன பிறகுதான் தொடங்கும். அநேகமாக முந்துவது சோடாக்காரர்.

மதுசாரம் குருதிக்குள் போகும் முக்கிய இடம் இரைப்பை அல்ல, அதற்கு அடுத்த சிறுகுடல். இரைப்பையின் சுவர் தடிப்பானது, சளிப்படலம் பூசியது. அதன் வழியே மதுசாரம் போகும், ஆனால் மெதுவாகப் போகும். சிறுகுடலின் உட்சுவரோ கோடிக்கணக்கான நுண்விரல்களால் ஆனது. பரப்பு பெரிது, குருதியோட்டமும் அதிகம். அங்கே இறங்கிய மதுசாரம் சில நிமிடங்களிலேயே குருதியில் தென்படத் தொடங்கும். ஆகவே எவ்வளவு வேகமாக வெறி ஏறும் என்ற கேள்வி கடைசியில் ஒரேயொரு கதவில் வந்து நிற்கிறது. இரைப்பையின் அடிமுனையில், சிறுகுடல் தொடங்கும் இடத்தில் இருக்கும் தசை வளையம்தான் அந்தக் கதவு. இதைக் குடல்வாய் என்று வைத்துக்கொள்வோம். அது திறந்து விட்டால் வேகம், இறுக்கிப் பிடித்தால் தாமதம்.

ராவாகக் குடிக்கும்போது இந்தக் கதவு இறுகுகிறது. 33.5 சதவீதச் சாராயம் இரைப்பைச் சுவரை உறுத்தும். சளி கூடுதலாகச் சுரக்கும், குடல்வாய்த் தசை சுருங்கும், இரைப்பையின் பிசையும் அசைவும் மந்தமாகும். உள்ளே போனது அங்கேயே தங்கி, இரைப்பை நீரோடு கலந்து நீர்த்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். சோடா விட்டவரின் கிளாசில் இருப்பதோ 11 சதவீதம். அந்தச் செறிவில் கதவு முரண்டு பிடிப்பதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதுவரை சொன்னதில் வாயுவின் வேலை எதுவும் இல்லை. தண்ணீர் விட்டிருந்தாலும் இது நடந்திருக்கும். சோடாவுக்குப் போகும் பேரில் பாதி உண்மையில் தண்ணீருக்குச் சேர வேண்டியது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 21 பேருக்கு, இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்த வயிற்றில், வெவ்வேறு நாட்களில் மூன்று விதமாக வொட்கா கொடுத்தார்கள். ஒரு நாள் 37.5 சதவீதத்தில் அப்படியே. இன்னொரு நாள் சரிபாதி சாதாரணத் தண்ணீர் கலந்து. மற்றொரு நாள் சரிபாதி வாயு நிரப்பிய தண்ணீர் கலந்து. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். பிறகு நான்கு மணித்தியாலம் மூச்சை ஊதவைத்து அளந்தார்கள். 21 பேரில் 20 பேருக்கு நீர்த்த வொட்கா ராவானதைவிட வேகமாக ஏறியது. தண்ணீருக்கும் சோடாவுக்கும் இடையில் ஒப்பிட்டபோது 14 பேருக்குச் சோடா முந்தியது. மீதி ஏழு பேருக்கு வித்தியாசம் இல்லை, அல்லது சோடா பிந்தியது. தண்ணீரின் விளைவு ஏறக்குறைய எல்லாருக்கும் பொருந்துகிறது. வாயுவின் விளைவு மூன்றில் இரண்டு பேருக்கு மட்டும். ஆனால் பொருந்தியவர்களுக்கு அது சின்ன வித்தியாசம் அல்ல. ஏறும் வேகத்தின் சராசரியே பல மடங்கு கூடிவிட்டது.

வாயுவை மட்டும் தனியே பார்க்க ஷாம்பெயின் வசதியானது. அதே பானத்தில் வாயுவை அடித்து வெளியேற்றிவிட்டால் மற்றதெல்லாம் மாறாமல் இருக்கும். இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்தில் 12 பேரை வைத்து அப்படிச் செய்தார்கள். ஐந்தாவது நிமிடத்தில் நுரையுள்ள ஷாம்பெயின் குடித்தவர்களின் ஒரு மில்லிலீற்றர் குருதியில் சராசரியாக 0.54 மில்லிகிராம் மதுசாரம் இருந்தது. நுரை போனதைக் குடித்தவர்களிடம் 0.39.

சரி, வயிற்றுக்குள் வாயு என்னதான் செய்கிறது? முதலில் அளவைப் பார்ப்போம். கடையில் வாங்கும் சோடாவில், திரவத்தின் கனவளவைப் போல மூன்றரை மடங்குக்குக் குறையாத காபனீரொட்சைட்டு அழுத்தத்தில் கரைந்திருக்கும். மூடி திறக்கும்போது சீறுவதும் கிளாசில் நுரைத்துப் போவதும் போக, இரண்டரை மடங்கு மிஞ்சுகிறது என்று வைத்தாலும் 100 மில்லிலீற்றர் சோடாவோடு 250 மில்லிலீற்றர் வாயு உள்ளே இறங்குகிறது. உடம்பின் சூடு 37 பாகை. அந்தச் சூட்டில் நீரால் தன் கனவளவில் பாதிக்குச் சற்று அதிகமான வாயுவைத்தான் பிடித்து வைத்திருக்க முடியும். ஆகவே ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் வாயு, ஒரு தேநீர்க் கோப்பை நிறையும் அளவு, வயிற்றுக்குள்ளேயே வெளிப்படுகிறது. வெறும் வயிறு சுருங்கிக் கிடக்கும் பை என்பதை நினைத்துப் பாருங்கள். திரவம் 150, அதற்கு மேல் வாயு 200.

அந்த வாயு மேலே எழுந்து இரைப்பையின் மேற்பகுதியை ஊதிப் பெருப்பிக்கிறது. சுவர் விரியும்போது உள்ளழுத்தம் கூடி, கீழே நிற்கும் திரவம் குடல்வாய்ப் பக்கம் தள்ளப்படுகிறது. வெறும் வயிற்றில் அதைத் தடுத்து நிறுத்த வேறொன்றும் இல்லை. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். ஆனால் இது முற்றாக நிறுவப்பட்ட ஒன்றல்ல. சாப்பாட்டோடு வாயுத் தண்ணீர் கொடுத்துப் பார்த்த சோதனையில், உணவு இரைப்பையின் மேற்பகுதியில் அதிகமாகத் தங்கியதே தவிர, இரைப்பை காலியாகும் மொத்த நேரம் மாறவில்லை. ஆகவே 'சோடா வயிற்றைத் தள்ளித் திறக்கும்' என்பதை வெறும் வயிற்றுக்கான கூற்றாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. அந்த ஏழு பேருக்கு ஏன் முந்தவில்லை என்பதற்கும் இங்கே ஒரு ஊகம் உண்டு. உடனே ஏப்பம் விடுகிறவருக்கு அழுத்தம் நிற்காது.

ஏப்பம் என்றதும் இன்னொன்று. 'ஏப்பம் விட்டால் வெறி இறங்கும்' என்பார்கள். வெளியே போவது ஏறக்குறைய முழுக்க வாயுதான், மதுசாரம் மிகச் சொற்பம். ஆனால் ஏப்பத்தோடு வாய்க்கு வரும் சாராய ஆவி, மூச்சுச் சோதனைக் கருவியில் உண்மையைவிடக் கூடிய எண்ணைக் காட்டிவிடும். அதனால்தான் முறையாகச் சோதிப்பவர்கள் 15 நிமிடம் காத்திருந்து ஊதவைக்கிறார்கள்.

திருகோணமலை வெக்கையில் கிளாஸ் எப்படிச் சேர்க்கப்படுகிறது என்பதும் கணக்கில் வரும். வெயிலில் கிடந்த சோடாப் போத்தலைத் திறந்தால் பாதி வாயு நுரையாய்ப் பொங்கிக் கை நனைத்துப் போய்விடும். ஐஸ் பெட்டியில் கிடந்த போத்தல் அதிகம் சீறாமல் திறக்கும். வாயு திரவத்தோடேயே இருக்கும், வயிற்றுச் சூட்டில்தான் வெளிவரும். நொறுக்கிய ஐஸின் மேல் உயரத்திலிருந்து ஊற்றினால் அதன் கரடான விளிம்புகளில் குமிழி பிறந்து கிளாசிலேயே ஓடிவிடும். சாய்த்த கிளாசின் ஓரமாக வழியவிட்டால் ஓடாது. அதாவது நாக்குக்கு நன்றாக 'சுர்' என்று இருக்கும் சோடாதான் வயிற்றுக்கும் அதிக வாயுவைக் கொண்டுபோகிறது.

இனிப்பு இதற்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. சீனி சிறுகுடலில் இறங்கியதும் குடல் இரைப்பைக்குச் 'சற்றுப் பொறு' என்று சமிக்ஞை அனுப்பும், குடல்வாய் நிதானமாகும். அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் எட்டு ஆண்களுக்கு 30 கிராம் மதுசாரத்தை ஒரு நாள் சீனிப் பானத்திலும் இன்னொரு நாள் செயற்கை இனிப்புப் பானத்திலும் கொடுத்தபோது, இரைப்பையின் பாதி காலியாகச் சீனிக்கு 36 நிமிடம் எடுத்தது, செயற்கை இனிப்புக்கு 21 நிமிடம். குருதியில் எட்டிய உச்சமும் பின்னதில்தான் அதிகம். அதனால் சாராயத்தோடு ஜிஞ்சர் பியர் விடுபவருக்கு வாயு ஒரு பக்கம் தள்ள, சீனி மறுபக்கம் பிடிக்கிறது. வெறும் சோடாவும் 'டயட்' கோலாவும் விடுபவர்களுக்கு அந்தப் பிடி இல்லை. உடம்பைப் பார்த்துச் சீனியைத் தவிர்க்கிறவர் முந்தி வெறிப்பது இப்படித்தான்.

இப்போது கடற்கரை ஆட்களுக்கே திரும்புவோம். இருவரும் 70 கிலோ எடையுள்ள ஆண்கள். ஆளுக்கு மூன்று தரம், மொத்தம் 150 மில்லிலீற்றர் சாராயம், அரை மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்கிறார்கள். அதில் உள்ள மதுசாரம் ஏறத்தாழ 40 கிராம். மதுசாரம் உடம்பின் நீரில்தான் பரவும் என்பதால் எடையை 0.68 ஆல் பெருக்கினால் 48 கிலோ. ஆக, ஒரு சொட்டும் கழியாமல் எல்லாம் ஒரே நேரத்தில் குருதிக்கு வந்தால் 100 மில்லிலீற்றருக்கு 83 மில்லிகிராம் அளவில் நிற்கும். ஈரலோ மணித்தியாலத்துக்கு 15 மில்லிகிராம் வீதம் கழித்துக்கொண்டே இருக்கும். சோடாக்காரருக்கு முக்கால் மணித்தியாலத்தில் எல்லாம் உறிஞ்சப்பட்டுவிட்டால் அதற்குள் 11 கழியும், உச்சம் 72. ராவாகக் குடித்தவருக்கு அதற்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தால் 30 கழிந்துவிடும், உச்சம் 53. ஊற்றியது ஒன்றுதான், ஏறியது வேறு. வேகத்துக்கும் தனிப் பங்கு உண்டு. குருதியில் அளவு ஏறிக்கொண்டிருக்கும்போது ஒருவர் தள்ளாடும் அதே அளவில், இறங்கும்போது அவ்வளவு தள்ளாடுவதில்லை. இதைப் பிரித்தானிய மருத்துவ ஆய்வாளர் மெலன்பி 1919இலேயே எழுதிவைத்தார். மூளை ஓரளவு பழகிக்கொள்கிறது, ஆனால் அதற்கு நேரம் வேண்டும். சோடாக்காரரின் மூளைக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

பைட்ஸ் இதையெல்லாம் மாற்றிவிடும், அதுவும் சோடாவைவிடப் பலமாக. பொரித்த கீரிமீனும் டெவில் கணவாயும் வயிற்றில் இருந்தால் அவை அரைபடும்வரை குடல்வாய் இறுகியிருக்கும், எண்ணெய்ப் பதார்த்தம் அதை இன்னும் தாமதிக்கும். ஆனால் தட்டு மேசைக்கு வருவது பெரும்பாலும் இரண்டாவது கிளாஸ் முடியும்போதுதான். முதல் கிளாஸ் அதற்குள் குடல்வாயைத் தாண்டியிருக்கும். பிந்திச் சாப்பிட்டது, பிந்திக் குடித்ததை மட்டும்தான் பிடிக்கும்.

ராவாகக் குடித்தவரைப் பற்றி இன்னொன்று உண்டு. அரை மணித்தியாலம் கழித்து எழும்பும்போது சோடாக்காரர் வெளிப்படையாகத் தள்ளாடுகிறார், மணலில் இருத்திவிடலாம். மற்றவர் நேராக நடக்கிறார், பேச்சும் குழறவில்லை, மோட்டார் சைக்கிள் திறப்பு அவர் கைக்கே போகிறது. அவர் குடித்ததில் பெரும்பங்கு அப்போதும் இறுகிய குடல்வாய்க்கு மேலே தேங்கி நிற்கிறது. பட்டினத்தை நோக்கிப் போகும் வழியில்தான் அந்தக் கதவு திறக்கத் தொடங்கும்.