சீஸ் சாஸ் ஏன் திரிகிறது?

"பாலைக் கொதிக்கவிட்டு, துருவிய செடார் சீஸைக் கொட்டிக் கிளறினேன். எண்ணெய் தனியாக மிதக்கிறது, அடியில் ரப்பர் மாதிரி கட்டி. சீஸில் கலப்படமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கலப்படமாக இருக்க வேண்டியதில்லை. அசல் செடாரே இப்படித்தான் செய்யும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர், கால் பங்கு புரதம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது தெரிந்ததுதான். இரண்டையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது கேசீன் என்ற பால் புரதம் பின்னிய வலை. கொழுப்புத் துளிகள் அந்த வலையின் கண்களுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன.

சூடு ஏறும்போது, 40 டிகிரிக்குள் கொழுப்பு உருகிவிடும். 60, 65 டிகிரி வாக்கில் வலை தளர்ந்து சீஸ் வழியத் தொடங்கும். அத்தோடு நிறுத்தினால் பிழைத்தோம். கொதிநிலையை நோக்கிப் போகப் போக, புரத இழைகள் ஒன்றோடொன்று இறுகிச் சுருங்கும். ஈரத் துணியைப் பிழிவதுபோல் தண்ணீரையும் கொழுப்பையும் வெளியே தள்ளும். ஓரங்களில் மினுமினுவென்று எண்ணெய்ப் பொட்டுகள் தெரிந்தால் பிழிதல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்க கேசீனைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கடினம். அதன் ஒரு பகுதி தண்ணீரை விரும்பும், இன்னொரு பகுதி கொழுப்பை விரும்பும். ஆனால் சீஸுக்குள் அதற்கு வேலை செய்யச் சுதந்திரம் இல்லை. பக்கத்துக் கேசீனோடு அதைக் கட்டிப்போட்டிருப்பது கால்சியம். கால்சியம் அயனிக்கு இரண்டு நேர்மின்னூட்டம், அதாவது இரண்டு கை. ஒரு கையால் ஒரு கேசீனையும் மறுகையால் இன்னொன்றையும் பிடித்துக்கொள்கிறது. வலையின் முடிச்சே அதுதான்.

இந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிந்த பொருள் சோடியம் சிட்ரேட். சிட்ரேட் கால்சியத்தைக் கவ்வி இழுத்துக்கொள்ளும்; காலியான இடத்தில் சோடியம் வந்து உட்காரும். சோடியத்துக்கு ஒரே கைதான், இரண்டு கேசீன்களை இணைக்க முடியாது. விடுபட்ட கேசீன் தண்ணீரில் பரவி, ஒவ்வொரு கொழுப்புத் துளியையும் போர்வைபோலச் சுற்றிக்கொள்கிறது. அப்புறம் துளிகள் ஒன்றுசேர்ந்து எண்ணெயாகத் திரள வழியில்லை. 1911-இல் சுவிட்சர்லாந்தின் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் பதப்படுத்திய சீஸை உருவாக்கியது இந்த உப்பை வைத்துத்தான்.

"ஐயோ, கெமிக்கலா?" என்பவர்களுக்கு ஒரு தகவல்: வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தில் இருப்பதும் இதுதான். இரத்ததானப் பையில் இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வதும் சிட்ரேட்தான்; அங்கேயும் அது பிடிப்பது கால்சியத்தையே. பெயர் நீளமாக இருப்பதாலேயே ஒரு பொருள் விஷமாகிவிடாது.

சரி, அளவு. சீஸின் எடையில் 4 சதவீதம் போதும். 200 கிராம் சீஸுக்கு 8 கிராம். சோடியம் சிட்ரேட் கையில் இல்லையென்றால் நாமே செய்துகொள்ளலாம். 6 கிராம் சிட்ரிக் அமிலத்தை 185 மில்லி தண்ணீரில் கரைத்து, 8 கிராமுக்குத் துளி குறைவாகச் சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் நுரைத்துப் பொங்கும். பெரிய பாத்திரமாக எடுங்கள். நுரை முழுவதும் அடங்கியபின் பாத்திரத்தில் இருப்பது நமக்கு வேண்டிய 8 கிராம் சிட்ரேட் கரைந்த நீர். தராசில் நிறுத்துதான் போட வேண்டும்: சோடா மிஞ்சினால் சோப்புச் சுவை வரும், அமிலம் மிஞ்சினால் சாஸ் புளித்துத் திரியும். அந்த நீரை லேசாகக் குமிழியிடும்வரை சூடாக்கி, தீயைக் குறைத்து, துருவிய சீஸைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு அடித்துக் கலக்குங்கள். முதலில் கட்டி கட்டியாகத் தெரியும். பயப்படாதீர்கள், அடிக்க அடிக்க வழவழப்பாகிவிடும். தனியாக உப்புப் போட அவசரப்படாதீர்கள், சிட்ரேட்டுக்கே உப்புக் கரிப்பு உண்டு.

இந்த வம்பெல்லாம் வேண்டாம் என்றால், சீஸ் துருவலில் ஒரு மேசைக்கரண்டி சோளமாவைப் பிசறிப் பாலில் போட்டுச் சூடாக்கலாம். மாவுத் துகள்கள் ஊதிப் பெருத்து இடையில் நின்று, புரதம் ஒன்றுகூடுவதைத் தடுக்கும். சாஸ் கெட்டியாக வரும், ஆனால் சீஸ் சுவை கொஞ்சம் மங்கும்.

ஏற்கெனவே திரிந்துவிட்டதா? அடுப்பிலிருந்து இறக்கி, கொஞ்சம் சிட்ரேட்டைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி, கை மிக்ஸியால் அடித்துப் பாருங்கள். எண்ணெய் மட்டும் பிரிந்த நிலை என்றால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். கட்டி ரப்பராக இறுகியிருந்தால் முழுசாகத் திரும்பாது. பல மாதம் முதிர்ந்த சீஸில் நொதிகள் கேசீனைத் துண்டு துண்டாக நறுக்கியிருக்கும். குட்டைத் துண்டுகளால் கொழுப்பை ஒழுங்காகப் போர்த்த முடியாது. அதனால் பாதி முதிர்ந்தது, பாதி இளசு என்று கலந்துகொண்டால் மணம் ஒன்றிலிருந்தும் வழவழப்பு மற்றொன்றிலிருந்தும் கிடைக்கும்.