கூட்டிப் பெருக்கினால் வீடு சுத்தமாகும், சராசரி வராது

போன மாதம் அக்கா மகள் ஒரு கைப்பிரதியோடு வந்தாள். காரைக்குடியில் கணினி வகுப்புக்குப் போகிறாள். எக்செல் சூத்திரங்களைத் தமிழில் விளக்கும் பத்துப் பக்கத் தாள் அது. பட்டாலையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள்: “SUMPRODUCT என்பது கூட்டுப்பெருக்கல் சார்பு.” திண்டில் சாய்ந்திருந்த ஆயா காதில் அது எப்படி விழுந்ததோ, “ஏத்தா, கூட்டிப் பெருக்குறதுக்கா காசு கட்டிப் படிக்கிறே? அத நான் சும்மாவே சொல்லித் தந்திருப்பேனே” என்றார்.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு எரிச்சல் வந்தது. இந்தச் சொல்லை நான் கேட்பது இது நாலாவதோ ஐந்தாவதோ தடவை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதி, இப்போது அதுவே கலைச்சொல் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

சொற்பிறப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கூடு என்பதன் பிறவினை கூட்டு. பெருகு என்பதன் பிறவினை பெருக்கு. சேரச் செய்வது ஒன்று, வளரச் செய்வது மற்றொன்று. இரண்டுக்கும் துடைப்பத்தோடும் உறவு உண்டு. குப்பையைக் கூட்டுகிறோம், வீட்டைப் பெருக்குகிறோம். பெருக்குமாறு என்றாலும் விளக்குமாறுதான். எனவே இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் தமிழ்க் காது முதலில் வாசலுக்குத்தான் போகும். ஆயாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

துடைப்பம்கூடப் பெரிய பிரச்சினை இல்லை. சொல் வேலையைத் தலைகீழாகச் சொல்கிறது என்பதுதான் பிரச்சினை. ஆங்கிலத்தில் முதலில் ‘கூட்டல்’, பிறகு ‘பெருக்கல்’ என்று எழுதியிருப்பதால் மொழிபெயர்த்தவர் அதே வரிசையில் தமிழை அடுக்கிவிட்டார். ஆனால் அந்தப் பெயருக்குப் பொருள் ‘பெருக்கி வந்தவற்றின் கூட்டல்’. முதலில் பெருக்க வேண்டும், பிறகு கூட்ட வேண்டும். தமிழ்த் தொகையில் பின்னால் வரும் சொல்தான் தலை. மாட்டுவண்டி என்றால் வண்டி, வண்டிமாடு என்றால் மாடு. கூட்டுப்பெருக்கல் என்றால் அது ஒருவகைப் பெருக்கல் என்றுதான் ஆகும். அப்படியே நம்பி ஒரு பிள்ளை கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

பொறியியல் கலந்தாய்வுக்குக் கட் ஆஃப் போடுவது இந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த கணக்கு. கணித மதிப்பெண் முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி, மொத்தம் 200. அதாவது கணிதத்துக்கு 2 பங்கு என்றால் மற்ற இரண்டுக்கும் ஒவ்வொரு பங்கு. ஒரு பிள்ளை கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 78 வாங்கியிருக்கிறது என்று வையுங்கள். 92ஐ 2ஆல் பெருக்கினால் 184. அதோடு 84, 78 சேர்த்தால் 346. பங்குகளின் கூடுதல் 4. 346ஐ 4ஆல் வகுத்தால் 86.5. இதை இரட்டித்தால் கட் ஆஃப் 173. மூன்றையும் ஒரே தட்டில் வைத்துச் சாதாரணமாகச் சராசரி பார்த்தால் 84.67தான் வரும். கணிதத்தில் தேறியவருக்கு 86.5 கிடைப்பதுதான் இந்தக் கணக்கின் நோக்கமே.

இதையே கைப்பிரதியின் சொல்லை நம்பிச் செய்யுங்கள். மதிப்பெண்களைக் கூட்டு: 254. பங்குகளைக் கூட்டு: 4. இரண்டையும் பெருக்கு: 1016. நாலால் வகுத்தால் மறுபடி 254. பங்கு கொடுத்ததற்கு ஒரு தடயமும் இல்லை. கணிதத்தில் 78ம் வேதியியலில் 92ம் வாங்கிய பிள்ளைக்கும் அதே 254தான் வரும். உண்மையில் அந்தப் பிள்ளையின் கட் ஆஃப் 166. ஏழு மதிப்பெண் வித்தியாசம் கலந்தாய்வில் என்ன செய்யும் என்று பெற்றவர்களிடம் கேளுங்கள்.

சரி, கூட்டுப்பெருக்கல் வேண்டாம் என்றால் எது? முதலில் நான் பெருக்குத்தொகை என்று எழுதி வைத்திருந்தேன். ஐந்தொகை போட்ட ஊர்க்காரனுக்குத் தொகை என்ற சொல் இனிக்கத்தானே செய்யும். தமிழாசிரியராக இருக்கும் நண்பர் ஒரே கேள்வியில் கவிழ்த்துவிட்டார். “கூட்டுத்தொகை என்றால் கூட்டி வந்த தொகை. அப்போ பெருக்குத்தொகை என்றால் பெருக்கி வந்த தொகைதானே? கூட்டல் எங்கே போச்சு?” நியாயம்தான். பாடநூல் சொற்களை வைத்துப் பெருக்கற்பலன்களின் கூடுதல் எனலாம். தவறே இல்லை, ஆனால் ஒவ்வொரு வரியிலும் அதைச் சொல்லி மாளாது.

அப்புறம்தான் ஐயா கணக்குப் பார்த்தது நினைவுக்கு வந்தது. பற்று வரவாக இருக்கும் கணக்குக்கு வட்டி பார்க்கும்போது, ஒவ்வொரு தொகையும் எத்தனை நாள் நின்றது என்று பார்த்து, தொகையை நாளால் பெருக்கி வரிசையாக எழுதுவார். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, அந்த ஒரே எண்ணுக்கு ஒரு நாள் வட்டி போட்டால் முடிந்தது. 500 ரூபாய் 10 நாளும் 200 ரூபாய் 30 நாளும் நின்றால் 5000ம் 6000ம் சேர்ந்து 11000. அது 11000 ரூபாய் ஒரு நாள் நின்றதற்குச் சமம். “பெருக்கிக் கூட்டு, பெருக்கிக் கூட்டு” என்று எங்களை விரட்டுவார். மதிப்பெண்ணின் இடத்தில் தொகை, பங்கின் இடத்தில் நாள், அவ்வளவுதான் வேறுபாடு. பெருக்கிக்கூட்டல் என்பதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ‘பெருக்கி’ என்ற எச்சமே எது முந்தி எது பிந்தி என்று சொல்லிவிடுகிறது.

அந்தத் தாளில் இன்னொரு சொல்லும் இருந்தது: எடைச் சராசரி. பிள்ளைகளை நிறுத்து மொத்த எடையைத் தலைக்கணக்கால் வகுத்தது போல இல்லையா? சராசரி எடைக்கும் எடைச் சராசரிக்கும் எந்தப் பிள்ளை வித்தியாசம் கண்டுபிடிக்கும்? நம் பாடநூல்களில் நிறையிட்ட சராசரி என்று நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. ‘இட்ட’ என்பதில்தான் உயிர். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் நாம் ஒரு நிறையை இடுகிறோம், மேலே பங்கு என்று சொன்னது இதைத்தான். அது தானாக வந்ததில்லை. இயற்பியல் ஆசிரியர்கள் நிறை வேறு, எடை வேறு என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும். நிறு என்ற வினையிலிருந்து வந்த நிறை, தராசுக்காரன் சொல்லாக இருந்த பிறகுதான் இயற்பியலுக்குப் போனது. இலங்கை இயற்பியலில் இன்றும் நாம் நிறை என்பதைத் திணிவு என்றும், எடை என்பதை நிறை என்றும்தான் பிரிக்கிறார்கள்.

தராசு என்றதும் தங்கம். வெவ்வேறு மாற்று, அதாவது வெவ்வேறு தூய்மை உள்ள பழைய நகைகளை ஒன்றாக உருக்கினால் வரும் தங்கத்தின் மாற்று என்ன? 1150இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் இதற்கென்றே பொன் கணக்கு இருக்கிறது. ஒவ்வொன்றின் மாற்றையும் நிறையால் பெருக்கிக் கூட்டி, மொத்த நிறையால் வகு என்பது விதி. அங்கே நிறை உண்மையிலேயே நிறை. எத்தனை நகை என்ற எண்ணிக்கையால் எந்த ஆசாரியும் வகுக்க மாட்டார்.

ஆனால் எக்செலில் அதைத்தான் செய்கிறார்கள். 346ஐ மூன்று பாடம் என்று 3ஆல் வகுத்து 115.33 என்று எழுதிய தாளை நானே திருத்தியிருக்கிறேன். நூற்றுக்கு நூற்றுப் பதினைந்து! நிறையிட்ட சராசரி எப்போதும் இருப்பதில் சிறிய மதிப்பெண்ணுக்கும் பெரிய மதிப்பெண்ணுக்கும் நடுவில்தான் விழும். 78க்கும் 92க்கும் வெளியே போனால் வகுத்த எண் தவறு.

இந்தச் சோதனைக்கும் தப்பும் பிழை ஒன்று உண்டு. இரண்டாம் வரிசையில் B, C, D கட்டங்களில் நிறைகள் 2, 1, 1. மூன்றாம் வரிசையிலிருந்து பிள்ளைகள்: முதலில் 92, 84, 78 வாங்கியவர், அடுத்து 78, 84, 92 வாங்கியவர். மூன்றாம் வரிசைக்குச் சூத்திரம் இது:

```
=SUMPRODUCT(B3:D3,$B$2:$D$2)/SUM($B$2:$D$2)
```

அந்த டாலர் குறிகளை விட்டுவிட்டுக் கீழே இழுத்தால் முதல் பிள்ளைக்கு விடை சரியாக வரும். இரண்டாம் பிள்ளைக்கு, முதல் பிள்ளையின் மதிப்பெண்களே நிறையாகிவிடும். 78, 84, 92 வாங்கியவருக்கு 83 வர வேண்டிய இடத்தில் 84.28 வரும். பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் முதல் வரிசையை மட்டும் சரிபார்த்துவிட்டு எழுந்திருக்கக் கூடாது, கடைசிப் பிள்ளையின் விடையைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

தேர்வுக்கு வராத பிள்ளையின் கட்டத்தில் ‘வரவில்லை’ என்று எழுதினாலும், வெறுமனே விட்டாலும், இந்தச் சூத்திரம் அதைச் சுழியாகவே எடுத்துக்கொள்ளும். கீழே வகுக்கும் 4 மட்டும் குறையாது. மறுதேர்வு எழுதப்போகும் பிள்ளைக்கு இது அநியாயம். எழுதிய பாடங்களின் நிறையால் மட்டும் வகுக்க வேண்டுமானால்:

```
=SUMPRODUCT(B3:D3,$B$2:$D$2)/SUMPRODUCT(--ISNUMBER(B3:D3),$B$2:$D$2)
```

வகுக்கும் பகுதியும் பெருக்கிக்கூட்டல்தான். எண் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று வைத்து நிறையால் பெருக்குகிறது. கட் ஆஃபுக்கு இது உதவாது, அங்கே மூன்று பாடமும் வேண்டும். பள்ளிக்குள் போடும் தேர்வுப் பட்டியலுக்குச் சரி.

இதில் ஒன்றுகூடக் கைப்பிரதியில் இல்லை. பத்துப் பக்கத்துக்கும் சொல்லை மாற்றியவர், ஒரு கணக்கைக்கூட அந்தச் சொல்லை வைத்துப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டிருந்தால் 1016 அவருக்கே சொல்லியிருக்கும். அகராதியை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு கலைச்சொல் செய்பவர்கள் எல்லாரிடமும் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் இதுதான்.

அக்கா மகளின் தாளில் அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் பெருக்கிக்கூட்டல் என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதையும் சத்தமாகப் படித்தாள். ஆயா கொஞ்சம் யோசித்தார். “வளவு பூராவும் பெருக்கி, குப்பைய ஒரு மூலையில கூட்டி வைக்கிறது. அதானே? இப்பச் சரியாச் சொல்றே.”