சண்டைக்குப் பிறகு அம்மாவுக்கு அனுப்பும் மெசேஜ்: எந்த வரி ஆற்றும், எந்த வரி கிளறும்

படிப்பை வைத்துத் தொடங்கும் சண்டை பெரும்பாலும் வேறெங்கோ போய்த்தான் முடிகிறது. பிள்ளை மன்னிப்புக் கேட்கும்போது சண்டை தொடங்கிய இடத்துக்குக் கேட்கிறது. அம்மாவின் மனசோ அது முடிந்த இடத்தில் நிற்கிறது. சமாதான மெசேஜ் எடுபடாமல் போவது இதனால்தான்.

திருப்பூரில் ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு வரும்போது இரவு ஒன்பது மணி. பிளஸ் டூ படிக்கும் மகளுக்குக் காலாண்டு இயற்பியலில் 70க்கு 28. "பகலெல்லாம் மெசின்ல உக்காந்து இடுப்பு விட்டுப்போச்சு, நீ போனை நோண்டிட்டு இருந்திருக்கற" என்கிறார் அம்மா. "எட்டாவது படிச்ச உங்களுக்கு பிசிக்ஸ் பத்தி என்ன தெரியும்?" என்கிறாள் மகள். அதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

மறுநாள் மகள் எழுத நினைப்பது அநேகமாக இப்படி இருக்கும்: "சாரிமா. ஆனா நீங்களும் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. இனி சென்டம் எடுத்துக் காட்டறேன்." இதை அனுப்பாமல் இருப்பதே மேல். 'ஆனா' என்ற சொல் வந்ததுமே முன்னால் இருந்த 'சாரி' கரைந்துவிடுகிறது. 28 வாங்கியவள் அரையாண்டில் சென்டம் எடுக்கப்போவதில்லை. அந்த வாக்கு அடுத்த சண்டைக்குத்தான் விறகாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மாவைக் குத்தியது அந்த 28 அல்ல, 'எட்டாவது' என்ற சொல். இந்த மெசேஜ் அதைத் தொடவே இல்லை.

அதே பெண் இப்படி எழுதலாம்:

"அம்மா, நேத்து உங்க படிப்பைச் சொல்லிப் பேசுனது தப்புங்மா. நீங்க ஆசப்பட்டுப் படிப்பை விடலைன்னு எனக்குத் தெரியும். அவ்வளவு நேரம் வேலை பாத்துட்டு வந்து அந்தப் பேப்பரைப் பாக்கறப்ப எப்படி இருந்திருக்கும்னு இப்பத்தான் தோணுது. எனக்கு நாலாவது பாடம், மாறுதிசை மின்னோட்டம், புரியலைங்மா. திட்டுவீங்கன்னு சொல்லாம இருந்துட்டேன். நாளைக்கு மிஸ்ஸுகிட்டக் கேக்கறேன். சோறு ஆக்கி வெச்சிருக்கறேன்."

சொன்ன தவறை முதல் வரியே பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறது. ஆனால் குத்திய வாக்கியத்தை அப்படியே திரும்ப எழுதவில்லை. எழுதினால் அம்மா அதை இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கும். நடுவில் வரும் பாட விவரம்தான் இந்த மெசேஜின் உயிர். 'நல்லாப் படிக்கறேன்' என்பதை அம்மா நூறு முறை கேட்டிருப்பார். எந்தப் பாடம் புரியவில்லை, அதை ஏன் மறைத்தாள் என்பது அவருக்குப் புதுச் செய்தி. சோம்பல் என்று நினைத்தது பயம் என்று அப்போதுதான் தெரியவரும்.

போன் பற்றி அதில் ஒன்றுமே இல்லை, கவனித்தீர்களா? செய்யாத தவறை மரியாதைக்காக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அந்தக் குற்றச்சாட்டு தவறென்றால் இரண்டு நாள் கழித்து நேரில் சொல்லிக்கொள்ளலாம். உண்மையாக இருந்தால் மட்டும், 'நீங்க வந்ததும் போனை உங்ககிட்டக் குடுத்தர்றேன்' என்று ஒரு வரி சேர்க்கலாம்.

தமிழைத் தமிழ் எழுத்திலேயே தட்டச்சு செய்யுங்கள். தமிழ் வழியில் எட்டாவது படித்தவருக்கு ஆங்கில எழுத்தில் வரும் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பது சிரமம். அதுவும் இந்தச் சண்டைக்குப் பிறகு அது மறுபடியும் குத்தும். வாய்ஸ் மெசேஜும் வேண்டாம், லைனில் பக்கத்து மெசினுக்கும் கேட்கும். வழக்கமாக 'வாங்மா, போங்மா' என்று பேசும் பிள்ளை சண்டையில் 'நீ, போ' என்று இறங்கியிருந்தால், அந்த 'ங்' மெசேஜில் திரும்ப வர வேண்டும். கொங்குப் பக்கத்து அம்மாக்கள் காதில் அது முதலில் விழும். எப்போதுமே 'நீ' என்றுதான் பேசுவீர்கள் என்றால் அப்படியே எழுதுங்கள், திடீர் மரியாதை கிண்டலாகப் படும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அனுப்பாமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் பார்க்கிற மாதிரி அனுப்புங்கள்.

பதில் வராமல் போகலாம். வந்தாலும் "சாப்டியா கண்ணு?" என்பதோடு நிற்கலாம். அதுதான் பதில். 'என்னை மன்னிச்சுட்டீங்களா' என்று துரத்திக் கேட்காதீர்கள். அவர் வந்து சாப்பிட்டு முடித்த பிறகு விடைத்தாளை எடுத்து வந்து, எந்தக் கேள்வியில் மார்க் போனது என்று நீங்களே காட்டுங்கள்.

அம்மாக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வந்த மெசேஜில் 'நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதி' என்கிற மாதிரி ஒரு வரி இருந்தால் அதைக் கோபம், நாடகம் என்று ஒதுக்காதீர்கள். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு உடனே போன் பண்ணுங்கள். பிள்ளையைத் தனியாக விடாமல் பக்கத்து வீட்டில் யாரையாவது போய் உட்காரச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.