மாடல் தந்த எண்ணை மேனேஜர் திருத்தலாமா? ஒரு பாதித் தூரக் கணக்கு

டிமாண்ட் பிளானிங் நடக்கும் இடங்களில் மாதாமாதம் ஒரே காட்சிதான். சாஃப்ட்வேரில் உள்ள மாடல் பழைய விற்பனையை வைத்து அடுத்த மாதத்துக்கு ஒரு கணிப்பைத் தருகிறது. பிளானரோ விற்பனை மேலாளரோ அதைப் பார்த்து, "கொஞ்சம் குறைவாகத் தெரிகிறதே" என்று எண்ணைக் கூட்டுகிறார். எப்போதாவது குறைக்கவும் செய்கிறார். கொள்முதலும் உற்பத்தியும் அந்தத் திருத்திய எண்ணை நம்பித்தான் ஓடுகின்றன. ஆனால் திருத்தம் கணிப்பை மேம்படுத்தியதா, கெடுத்ததா என்று மாத முடிவில் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. பல இடங்களில் புது எண்ணைப் போட்டதும் மாடலின் எண் அழிந்துவிடுகிறது. பிறகு பார்க்க நினைத்தாலும் ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

இதை முறையாக ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ராபர்ட் ஃபைல்ட்ஸ், பால் குட்வின் உள்ளிட்ட நால்வர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு நிறுவனங்களின் 60,000க்கும் மேற்பட்ட கணிப்புகளை உண்மையான விற்பனையோடு ஒப்பிட்டது. மூன்று நிறுவனங்களில் திருத்தங்கள் சராசரியாகக் கணிப்பை மேம்படுத்தியிருந்தன. ஆனால் எல்லாத் திருத்தமும் ஒன்றுபோல் இல்லை. பெரிய திருத்தங்கள் உதவின, சின்னச் சின்னத் திருத்தங்கள் கெடுக்கும் பக்கமே சாய்ந்தன. எண்ணைக் குறைத்த திருத்தங்களைவிடக் கூட்டிய திருத்தங்கள் பலன் தருவது மிகவும் அரிதாக இருந்தது.

ஏன் இப்படி என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. மாடல் 1000 என்கிறது, நீங்கள் 1040 ஆக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்பனை 1020ஐத் தாண்டினால்தான் உங்கள் எண் மாடலைவிடக் கிட்டே இருக்கும். 1015 விற்றால் நீங்கள் சொன்ன திசை சரி, ஆனாலும் மாடல்தான் கிட்டே இருக்கிறது. ஆக, நீங்கள் எவ்வளவு நகர்த்தினீர்களோ அதில் பாதித் தூரத்துக்கு மேல் விற்பனையும் அதே பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். திசை சரியாக இருந்தால் மட்டும் போதாது.

மாடலில் ஒருபக்கச் சாய்வு இல்லையென்றால், விற்பனை அதன் எண்ணுக்கு மேலே போகவும் கீழே போகவும் ஏறத்தாழ சம வாய்ப்பு. புதுத் தகவல் எதுவும் இல்லாமல் 40 கூட்டினால், விற்பனை 1000ஐத் தாண்டுவதற்கான வாய்ப்பே பாதிதான், 1020ஐத் தாண்டுவதற்கு அதைவிடக் குறைவு. அதாவது தகவல் இல்லாத திருத்தம் பாதிக்கும் குறைவான முறைதான் ஜெயிக்கும். எவ்வளவு பெரிதாக நகர்த்துகிறோமோ அவ்வளவுக்கு இந்த வாய்ப்பு இன்னும் சுருங்கும். பிறகு எப்படிப் பெரிய திருத்தங்கள் நிஜத்தில் உதவுகின்றன? எண்ணைப் பெரிதாக மாற்ற யாருக்கும் எளிதில் துணிவு வராது, கையில் உறுதியான செய்தி இருந்தால்தான் வரும். சின்னத் திருத்தத்துக்கு அப்படி எதுவும் தேவைப்படுவதில்லை. போன மாதம் சற்று ஏறியதைப் பார்த்தோ, ஃபைலைத் திறந்துவிட்டு ஒன்றுமே செய்யாமல் மூட மனமில்லாமலோ கூடச் செய்யலாம்.

ஒரு பொருளின் ஆறு மாதக் கணக்கைப் பார்ப்போம். விளக்கத்துக்காக அமைத்த எண்கள்தான், ஆனால் இந்த வடிவம் களத்தில் திரும்பத் திரும்ப வருவது.

| மாதம் | மாடல் | திருத்தியது | விற்பனை | மாடலின் பிழை | திருத்தத்தின் பிழை |
|---|---|---|---|---|---|
| 1 | 1000 | 1040 | 970 | 30 | 70 |
| 2 | 995 | 1025 | 1045 | 50 | 20 |
| 3 | 1005 | 1315 | 1135 | 130 | 180 |
| 4 | 1030 | 720 | 780 | 250 | 60 |
| 5 | 980 | 1010 | 950 | 30 | 60 |
| 6 | 975 | 1005 | 955 | 20 | 50 |

மாடலின் மொத்தப் பிழை 510, திருத்தியதன் மொத்தப் பிழை 440. இந்தக் கடைசி வரியை மட்டும் காட்டினால், "எங்கள் திருத்தத்தால் பிழை 14% குறைந்தது" என்று மீட்டிங்கில் சொல்லலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் நான்காம் மாதத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். மீதி ஐந்து மாதத்தில் மாடலின் பிழை 260, திருத்தியதன் பிழை 380. ஒரே ஒரு திருத்தம் 190 மிச்சப்படுத்தியது, மற்ற ஐந்தும் சேர்ந்து அதில் 120ஐத் தின்றுவிட்டன. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படவே படாது.

நான்காம் மாதத்தில் என்ன நடந்தது? பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பராமரிப்புக்காகத் தன் ஆலையை அந்த மாதம் மூடப்போவதாக எழுத்து மூலம் தெரிவித்திருந்தார். பழைய விற்பனையை மட்டுமே பார்க்கும் மாடலுக்கு இது தெரிய வழியில்லை. மேலாளர் 310 குறைத்தார், விற்பனை 250 குறைந்தது, பாதித் தூரமான 155ஐ நன்றாகவே தாண்டிவிட்டது. மேலாளரின் அறிவு விலைமதிப்பில்லாததாக இருப்பது இந்த மாதிரி இடத்தில்தான்.

மூன்றாம் மாதம் தள்ளுபடித் திட்டம் ஒன்று இருந்தது. மேலாளர் 310 கூட்டினார். விற்பனை உண்மையாகவே ஏறியது, ஆனால் மாடலைவிட 130தான் அதிகம். பாதித் தூரமான 155ஐ எட்டவில்லை. அதனால் திசை சரியாக இருந்தும் கணிப்பு கெட்டது. கூட்டும் திருத்தங்களுக்கு வழக்கமாக நேர்வது இதுதான். தள்ளுபடியை வடிவமைத்தவர் அது ஜெயிக்கும் என்று நம்பித்தான் வடிவமைத்திருப்பார். விற்பனைக் குழுவுக்கோ எட்ட வேண்டிய டார்கெட் ஒன்று ஏற்கெனவே இருக்கும், அது சத்தமில்லாமல் கணிப்புக்குள் நுழைந்துவிடும். குறைப்பதற்கு இப்படித் தூண்டுதல் பொதுவாகக் கிடையாது. மேலிடத்தில் நல்லபெயரும் கிடைக்காது. ஆகவே ஒருவர் குறைக்கிறார் என்றால் பெரும்பாலும் கையில் ஆதாரம் வைத்துக்கொண்டுதான் குறைக்கிறார்.

கூட்டுவதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. ஆண்டுதோறும் அதே மாதத்தில் அதே தள்ளுபடி நடந்திருந்தால், பருவத்தைக் கணக்கில் எடுக்கும் மாடல் அந்த ஏற்றத்தை ஏற்கெனவே உள்ளே வைத்திருக்கும். அதன் மேல் மறுபடி கூட்டினால் ஒரே ஏற்றத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். தள்ளுபடி இந்த ஆண்டு வேறு மாதத்துக்கு நகர்ந்திருந்தால் இன்னும் சிக்கல், புது மாதத்தில் கூட்டுவதோடு பழைய மாதத்தில் குறைக்கவும் வேண்டும். இந்த இரண்டாவது வேலை பெரும்பாலும் விட்டுப்போகிறது. எனவே எண்ணைத் தொடும் முன் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த நிகழ்வு பழைய விற்பனைத் தரவில் ஏற்கெனவே இருக்கிறதா?" என்பது.

மூன்றாம் மாதத் திருத்தத்தைப் பாதியாக்கியிருந்தால் கணிப்பு 1160, பிழை வெறும் 25. பெரிய கூட்டலைப் பாதியாக்குவது பல இடங்களில் நல்ல பலன் தரும் எளிய வழி. மாடலுக்குப் பாதி எடை, மேலாளருக்குப் பாதி எடை என்ற யோசனையை பிளாட்பெர்க், ஹோக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1990இலேயே முன்வைத்தார்கள். ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பொருத்தக் கூடாது. நான்காம் மாதத் திருத்தத்தையும் பாதியாக்கியிருந்தால் பிழை 60 இலிருந்து 95 ஆக ஏறியிருக்கும். வாடிக்கையாளரே எழுதித் தந்த தகவலையும், விற்பனைக் குழுவின் எதிர்பார்ப்பையும் ஒரே தராசில் வைப்பது தவறு.

மீதி நான்கு மாதங்களும் 30, 40 என்று கூட்டியவை. நான்கில் ஒன்றுதான் ஜெயித்தது. இவற்றை மட்டும் கூட்டிப் பார்த்தால் மாடலின் பிழை 130, திருத்தியதன் பிழை 200. சிறப்பு நிகழ்வு இல்லாத இந்த மாதங்களில் மாடலின் சராசரிப் பிழையே 32 அளவுக்கு இருக்கிறது. மாடல் இயல்பாகவே அவ்வளவு தடுமாறும்போது, 30 நகர்த்துவதற்கு நமக்கு என்ன தெரியும்? இதிலிருந்தே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பொருளுக்கும் சாதாரண மாதங்களில் மாடலின் சராசரிப் பிழையைக் கணக்கிட்டு, அதற்குள் அடங்கும் திருத்தத்தைச் செய்வதில்லை என்று முடிவெடுங்கள். 40 இந்த வரம்பைச் சற்றே தாண்டும். அதை நிறுத்த வேண்டியது, ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் எழுத வேண்டும் என்று அடுத்து வரும் விதிதான்.

இவற்றைச் செய்ய ஒரு ஷீட் போதும். மாடலின் எண்ணை B பத்தியில் பூட்டி வையுங்கள், C இல் திருத்திய எண், D இல் விற்பனை. E இல் இந்தச் சூத்திரம்:

```
=ABS(D2-B2)-ABS(D2-C2)
```

விடை நேர்மமாக வந்தால் திருத்தம் உதவியது, எதிர்மமாக வந்தால் கெடுத்தது. பக்கத்தில் காரணத்துக்கு ஒரு பத்தி: என்ன நடக்கப்போகிறது, யார் சொன்னது, எவ்வளவு மாறும் என்று ஏன் நினைக்கிறோம். "மார்க்கெட் நன்றாக இருக்கிறது" என்பதைக் காரணமாக ஏற்காதீர்கள். விற்பனை, ஃபைனான்ஸ், மேலிடம் என்று ஒவ்வொருவராக மாற்றும் இடமாக இருந்தால், ஒவ்வொரு கைக்கும் தனிப் பத்தி வேண்டும். ஆறு மாதம், ஒரு பொருள் என்பது தீர்ப்புச் சொல்லப் போதாது. பல பொருள்களின் திருத்தங்களைச் சேர்த்து, கூட்டியது, குறைத்தது, சிறியது, பெரியது என்று பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் இடத்தின் பழக்கம் தெரியும்.

எந்தத் தேதியின் எண்ணைப் பூட்டுகிறோம் என்பதிலும் கவனம் தேவை. சரக்கு வந்துசேர இரண்டு மாதம் ஆகும் என்றால், இரண்டு மாதம் முன்னால் இருந்த கணிப்பைத்தான் அளக்க வேண்டும். மாதம் பாதி ஓடிய பின் செய்யும் திருத்தம் துல்லியமாகத்தான் இருக்கும், ஆனால் அதை வைத்து எந்த ஆர்டரையும் மாற்ற முடியாது.

இன்னொன்று, D பத்தியில் என்ன போடுகிறீர்கள் என்பது. நான்காம் மாதத்தில் 720க்கு மட்டும் சரக்கு வைத்திருந்தால் 720தான் விற்றிருக்கும். கேட்ட 780இல் 60க்குச் சரக்கு இல்லாமல் போயிருக்கும், ஷீட்டோ திருத்தத்தின் பிழை பூஜ்யம் என்று காட்டியிருக்கும். குறைக்கும் திருத்தம் இப்படித் தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும். அதனால் அனுப்பிய அளவைப் போடாமல், வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த ஆர்டர் அளவைப் போட வேண்டும். அது கிடைக்கவில்லையென்றால், சரக்கு தீர்ந்த மாதங்களைத் தனியே குறித்து ஒப்பீட்டிலிருந்து விலக்க வேண்டும்.

கடைசியாக, சின்னக் கூட்டல்கள் தொடர்ந்து ஜெயிக்கும் ஒரு நிலையும் உண்டு. E பத்தியில் மாதக்கணக்காக நேர்ம எண்களே வருகின்றன, திருத்தம் எல்லாமே ஒரே பக்கம் என்றால், மாடல் வளர்ச்சியைப் பிடிக்காமல் கீழேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். அப்போது மாதாமாதம் கையால் ஒட்டுப்போடாமல், அந்தப் பொருளுக்கு டிரெண்ட் உள்ள மாடலைப் போட்டுப் பார்க்க வேண்டும். மாற்றிய பிறகு பழைய திருத்தப் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சரிசெய்த மாடலின் மேலும் அதே 30 ஏறிக்கொண்டிருக்கும்.