தெர்மிஸ்டர்: தமிழில் என்ன சொல்லலாம்?

மே மாத மதியம், டீ குடிக்கக் காரை நிறுத்தினேன். வழி பார்க்க வைத்திருந்த போன் டேஷ்போர்டிலேயே கிடந்தது. முக்கால் மணி நேரம் கழித்து வந்து சார்ஜரைச் செருகினால், ஏறவே இல்லை. கேபிளை மாற்றியும் பார்த்தேன், பலனில்லை. கோளாறு கேபிளில் இல்லை. ஏற்றாதே என்று போனுக்குள் இருந்த ஒரு பொடிப் பொருள் சொல்லிவிட்டது. அதன் பெயர்தான் தெர்மிஸ்டர்.

சூட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'தெர்மே'யின் தலையையும் 'ரெசிஸ்டர்' என்பதன் வாலையும் ஒட்டிய சொல் இது. சூடு ஏறினால் சில்வர் சல்பைடின் மின்தடை குறைகிறது என்று ஃபாரடே 1833-லேயே கவனித்தார். போனில் இருப்பதும் அப்படிச் சூடு ஏறினால் தடை குறையும் வகைதான். 25 டிகிரி செல்சியஸில் 10,000 ஓம் காட்டும் ஒரு தெர்மிஸ்டர், 45 டிகிரியில் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவாகக் காட்டும். அந்த அளவு வந்ததும் சார்ஜிங் சில்லு மின்னோட்டத்தைக் குறைக்கும், அல்லது நிறுத்திவிடும். பழைய கழற்றி மாட்டும் பேட்டரிகள் பலவற்றில் + − தகடுகளோடு T என்று இன்னொரு தகடும் இருக்கும். அது இதற்கானதுதான்.

தமிழில் 'வெப்பத்தடையம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு: வெப்பத்தைத் தடுக்கும் பொருள் என்று தோன்றிவிடுகிறது. இது வெப்பத்தைத் தடுப்பதில்லை, உணர்ந்து சொல்கிறது, அவ்வளவுதான். 'வெப்பவுணர் தடையம்' என்றால் குழப்பம் இல்லை.

இந்தக் குழப்பம் சொல்லோடு நிற்பதில்லை. போன் சார்ஜை நிறுத்திக்கொண்டதால் பேட்டரி தப்பித்தது என்று நினைத்துவிடுகிறோம். வெயிலில் மூடிய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடக்கூடும். அந்தச் சூட்டில் போன் அணைந்து கிடந்தாலும் பேட்டரிக்குள் வேதிவினை நடந்துகொண்டேதான் இருக்கும். கிராஃபைட் மின்வாய் மேல் படிந்த மெல்லிய படலம் தடிக்கும். அதில் சிக்கிய லித்தியம் திரும்பி வராது, அதனால் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். முழு சார்ஜில் இருந்தால் சேதம் இன்னும் அதிகம். மின்பகுளி சிதைந்து வாயுவும் உண்டாகலாம். ஒருமுறை காய்ந்ததில் பெரிய வித்தியாசம் தெரியாது. தினமும் அங்கேயே வைப்பவருக்குச் சில மாதங்களில் தெரிந்துவிடும்.

சரி, அப்போது என்ன செய்வது? உறையைக் கழற்றி, அணைத்து, நிழலில் வையுங்கள். அரை மணி நேரத்தில் பெரும்பாலும் தானாகவே ஏற ஆரம்பிக்கும். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். ஆறிய பின்னும் ஏறவில்லை என்றால் கடைக்குக் கொண்டு போகலாம். திரையின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அழுத்தவும் கூடாது, மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்கவும் கூடாது.