மொத்தமாக 72 லட்சமா, மாதம் 29,000மா? விபத்து இழப்பீட்டில் ஒரு குடும்பத்தின் கணக்கு

"இவ்ளோ பணத்த மொத்தமா குடுத்தா எங்களுக்கு வெச்சிக்கத் தெரியாது சார். அவன் உசுரோட இருக்கற வரைக்கும் இன்சூரன்ஸ் கம்பெனியே மாசா மாசம் குடுத்துட்டா ஆகாதா?"

தீர்ப்பாயத்தின் வராண்டாவில் ஒரு தாய் என்னிடம் கேட்டது இது. மகனுக்கு 32 வயது, கொத்தனார். பின்னால் வந்த லாரி மோதியதில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. அடையாளம் தெரியாதிருக்க விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். மோட்டார் விபத்து வழக்குகளை நடத்திவரும் எனக்கு, கட்சிக்காரர்கள் கேட்டதிலேயே நியாயமான கேள்வி இதுதான் என்று தோன்றுகிறது. ஆனால் பதில், ஆகாது என்பதுதான்.

மோட்டார் வாகனச் சட்டப்படி தீர்ப்பாயம் தொகையை ஒரே முறைதான் நிர்ணயிக்கும். இறுதித் தீர்ப்புக்குப் பிறகு "செலவு கூடிவிட்டது, இன்னும் கொடுங்கள்" என்று திரும்பப் போக முடியாது. நாகப்பா வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லி, ஆகவே வருங்கால மருத்துவச் செலவையும் அந்த ஒரே தீர்ப்பிலேயே கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. மாதாமாதம் கொடுக்கும் ஏற்பாடு நம் நாட்டில் இல்லாமலும் இல்லை. இதே ஆள் இ.எஸ்.ஐ. உள்ள ஆலையில் வேலை நேரத்தில் அடிபட்டிருந்தால், நிரந்தர ஊனப் பயன் என்று ஆயுள் முழுக்க மாதத் தொகை வந்திருக்கும். சாலையில் அடிபட்டதால் ஒரே தொகை.

அந்தத் தொகை எப்படி வந்தது என்று பார்த்தால்தான் சிக்கல் எங்கே இருக்கிறதென்று புரியும். மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. சொந்தமாகத் தொழில் செய்பவர், 40 வயதுக்குக் கீழ் என்பதால் 2017இன் பிரணய் சேத்தி தீர்ப்புப்படி வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 21,000. இனி செங்கல் எடுத்து வைக்க முடியாது என்பதால் சம்பாதிக்கும் திறன் முழுவதும் போனதாகக் கொண்டார்கள். வயது 32க்கு மல்ட்டிப்ளையர் 16. ஆக 21,000 × 12 × 16 = 40,32,000 ரூபாய். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதம் 10,000 வீதம், அதே பெருக்கலில் 19,20,000. வலி, வேதனை, வாழ்க்கை வசதி இழப்பு, கட்டிய மருத்துவமனை பில், இனி வரும் மருத்துவச் செலவு எல்லாம் சேர்த்து மொத்தம் 72 லட்சம். மனு தேதியிலிருந்து சேரும் வட்டியை, கணக்கு எளிதாக இருக்க விட்டுவிடுகிறேன்.

இதில் 16 என்ற எண்ணைக் கவனியுங்கள். அவர் இன்னும் முப்பது வருடமாவது வாழலாம், பிறகு ஏன் 16 வருடத்துக்கு மட்டும் பெருக்குகிறார்கள்? கைக்கு வந்த பணம் வட்டி ஈட்டும், செலவுக்கு அந்த வட்டியும், போதாதபோது கொஞ்சம் அசலும் போகும் என்று வைத்துக்கொண்டு குறைத்த எண் அது. அதாவது பணம் வங்கியில் கிடக்கும் என்று எண்ணித்தான் சட்டம் தொகையைக் குறைக்கிறது. வாங்கிய கையோடு அதை மனையாகவோ மாடிவீடாகவோ மாற்றிவிட்டால், பதினாறு வருடக் காசில் முப்பது வருடம் ஓட்ட வேண்டியதுதான்.

சரி, ஒழுங்காக வங்கியில் போட்டுவிட்டால் போதுமா? பார்த்துக்கொள்ளும் ஆளுக்கான 19,20,000ஐ மட்டும் எடுத்துப் பார்ப்போம். ஆண்டுக்கு 7 சதவீத வட்டி என்றால் மாதம் 11,200 வரும். இன்று 10,000 சம்பளத்துக்கு அது தாராளம். ஆனால் சம்பளம் வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் பத்தாம் ஆண்டின் முடிவில் 17,900ஐத் தொட்டிருக்கும். முதல் வருடங்களில் மிச்சமாகும் வட்டியைக் கூடத் தொடாமல் சேர்த்துவைத்தாலும் சுமார் 17 வருடத்தில் அசலும் தீர்ந்துவிடுகிறது. அப்போது அவருக்கு 49 வயது. காஜல் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் உதவியாளர் செலவுக்கும் மல்ட்டிப்ளையர் முறையைப் பயன்படுத்தியது. குத்துமதிப்பாக ஏதோ ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று போட்டுவந்த பழைய பழக்கத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம். ஆனாலும் விலைவாசியின் சுமை பாதிக்கப்பட்டவர் தலையில்தான் விழுகிறது.

இங்கிலாந்தில் அந்தச் சுமையை மாற்றி வைத்திருக்கிறார்கள். 2005 ஏப்ரல் முதல் அங்கே நீதிமன்றம், தரப்பினர் சம்மதிக்காவிட்டாலும், வருங்காலச் செலவை ஆண்டுதோறும் கொடுக்கும்படி உத்தரவிடலாம். பராமரிப்பு ஊழியர்களின் சம்பளம் ஏற ஏற அந்தத் தொகையும் ஏறும்படி வைக்கலாம். எண்பது வயதுவரை வாழ்ந்தாலும் பணம் நிற்காது. ஆனால் சீக்கிரம் இறந்துவிட்டால் பராமரிப்புப் பணமும் அதோடு நின்றுவிடும், மனைவி மக்களுக்கு மிச்சம் வராது. அந்தத் தாயிடம் இதைச் சொன்னபோது, "அப்ப இங்க குடுக்கறதும் ஒருவிதத்துல நல்லதுதான்" என்றார். மொத்தத் தொகையின் பெரிய நன்மை அதுதான், தீராத மிச்சம் குடும்பத்துக்கு.

நம் ஊரில் "மாதாமாதம்" என்று சொல்வது, கிடைத்த மொத்தப் பணத்தையே தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி வங்கியில் போட்டுச் சிறுகச் சிறுக எடுப்பதை. அதில் இரண்டு வகை உண்டு, பலரும் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். சாதாரண எஃப்.டி.யில் வட்டி மட்டும் மாதாமாதம் வரும், அசல் அப்படியே இருக்கும். பத்து லட்சத்துக்கு 7 சதவீதத்தில் மாதம் சுமார் 5,800. இன்னொன்று விபத்து இழப்பீட்டுக்காகவே வந்த ஆண்டுத்தொகை வைப்பு, சுருக்கமாக மக்காட். 2019இல் உச்ச நீதிமன்றம் இதை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தச் சொன்னது. இதில் அசலும் வட்டியும் கலந்து 36 முதல் 120 மாதங்களுக்குள் திரும்ப வந்துவிடும். அதே பத்து லட்சத்துக்குப் பத்து வருடம் மாதம் சுமார் 11,600. கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் 121ஆவது மாதம் கணக்கில் ஒன்றும் இருக்காது.

ஆகவே எது நல்லது என்பது, தேவை எப்போது முடிகிறது என்பதைப் பொறுத்தது. பிள்ளைகளின் படிப்பு பத்து வருடத்தில் முடிந்துவிடும், அதற்கு மக்காட் பொருந்தும். முதுகுத்தண்டு முறிந்தவரின் சிறுநீர்க் குழாய்ச் செலவுக்கு முடிவே இல்லை. முழுத் தொகையையும் மக்காட்டில் போட்டிருந்தால், எங்கள் கொத்தனார் 42 வயதில் வெறுங்கையோடு நின்றிருப்பார்.

எவ்வளவு கையில், எவ்வளவு வங்கியில் என்று முடிவு செய்ய சூசம்மா தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய நெறிகளைத்தான் தீர்ப்பாயங்கள் இன்றும் பார்க்கின்றன. மைனர் என்றால் வயது வரும்வரை வைப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் நீண்டகால வைப்பு, ஆனால் பிழைப்புக்கு ரிக்‌ஷாவோ விவசாயக் கருவியோ வாங்க வேண்டுமென்றால் கொடுக்கலாம். மேல்சிகிச்சைக்கு விடுவிக்கலாம். தொகை பெரிதென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட எஃப்.டி.யாகப் போடலாம், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைத்துக்கொள்ள. வைப்பின் மீது வங்கி கடன் தரக்கூடாது. இதை எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பணத்தைப் பூட்டிவைக்கும் பழக்கத்தை 2012இல் உச்ச நீதிமன்றமே கண்டித்திருக்கிறது. விவரம் தெரிந்தவர், தன் பணத்தை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று சொல்ல முடிந்தவர் என்றால் பூட்டத் தேவையில்லை.

நாங்கள் மனுவோடு ஒரு பக்கக் கணக்குத் தாளைக் கொடுத்தோம். குடும்பச் செலவு 15,000, உதவியாளர் 10,000, டயப்பர், குழாய், பிசியோதெரபி 4,000. மாதம் 29,000. உடனடியாகத் தேவை 12 லட்சம்: நகைக்கடனும் கைமாற்றும் சேர்த்து 7, சக்கர நாற்காலி நுழையும்படி கழிவறையை மாற்றவும் வாசலில் சாய்தளம் போடவும் 2, நாற்காலிக்கும் காற்றுமெத்தைக்கும் 1, சேமிப்புக் கணக்கில் அவசரத்துக்கு 2. மீதி 60 லட்சத்தில் 50 லட்சத்தைப் பத்துப் பத்தாக ஐந்து வைப்பில் போட்டால் 7 சதவீதத்தில் மாதம் சுமார் 29,000 வட்டி வந்துவிடும். கடைசிப் பத்து லட்சம், வட்டியைத் தொடாமல் வளரும் இரண்டு வைப்பில், ஒன்று மூன்று வருடத்துக்கு, ஒன்று ஐந்து வருடத்துக்கு. செலவு ஏறும்போது அவை கைகொடுக்கும். கடனுக்கு மீட்டர் வட்டி ஓடும்போது முழுப் பணத்தையும் 7 சதவீதத்தில் பூட்டுவது மடத்தனம் என்பதால் கடன் பத்திரங்களின் நகலையும் வைத்தோம். தீர்ப்பாயம் ஏறக்குறைய அப்படியே உத்தரவிட்டது.

இந்தத் திட்டத்துக்கும் ஓட்டை உண்டு. வட்டி விகிதம் நம் கையில் இல்லை. 2020இல் பெரிய வங்கிகளில் நீண்டகால வைப்பு வட்டி ஐந்தரை சதவீதத்துக்குக் கீழே போனதைப் பார்த்தோம். ஐந்தரை சதவீதம் என்றாலே அந்த 50 லட்சத்துக்கு 22,900தான் வரும். அப்படியொரு காலத்தில் வைப்பு முதிர்ந்தால் மாதம் ஆறாயிரம் துண்டு விழும்.

இன்னொரு கட்சிக்காரர், முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர், மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசி மொத்தத் தொகையாக வாங்கிக்கொண்டார். வருடக்கணக்கில் இழுக்காமல் பணம் வந்தது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பேரத்தில் செயற்கைக் காலுக்கு ஒரே ஒரு முறைக்கான விலைதான் சேர்ந்தது. ஐந்தாறு வருடத்தில் அது தேய்ந்துவிட்டது, மச்சானின் கடையில் போட்ட பணமும் வரவில்லை. என்னிடம் வந்து மறுபடி மனு போடலாமா என்று கேட்டார். மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடே கிடையாது. வாழ்நாளில் எத்தனை கால் மாற்ற வேண்டும் என்பதை, கையெழுத்துப் போடும் முன்பே செயற்கை அவயவ மையத்தின் விலைச்சீட்டோடு கேட்டிருக்க வேண்டும்.

கொத்தனாரின் மனைவி மூன்றாம் வருடம் வந்தார். படுக்கைப்புண் ஆழமாகி அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும், மருத்துவமனை மதிப்பீட்டுச் சீட்டு கையில் இருந்தது. ஒரு வைப்பை மட்டும் உடைக்க மனு போட்டோம். உத்தரவு வர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரை சேமிப்புக் கணக்கில் விட்டிருந்த அந்த இரண்டு லட்சத்தை வைத்துத்தான் சேர்த்தார்கள். மற்ற நான்கு வைப்பிலிருந்தும் வட்டி நிற்காமல் வந்துகொண்டிருந்தது.