நாற்பது வந்தால் போதுமா டீச்சர்?

போன மாதம் மறுபடியும் அதே கதை. மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் பார்த்துவிட்டு ஒரு பள்ளியின் பேருந்து கிளம்பியிருக்கிறது. டீச்சர் நடந்தபடியே தலைகளை எண்ணினார், சரியாக நாற்பது. கடற்கரைக் கோயிலில் இறங்கும்போது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் காணோம். அவள் ஐந்து ரதத்துக் கழிப்பறையிலேயே இருந்திருக்கிறாள். அப்படியானால் நாற்பது எப்படி வந்தது? உடன் வந்த ஆசிரியை தன் மகனையும் கூட்டி வந்திருந்தார். அவனும் கணக்கில் சேர்ந்துவிட்டான்.

எத்தனை பேர் என்பதைத்தான் எண்ணிக்கை சொல்லும், யார் என்று சொல்லாது. பிள்ளைகள் ஜன்னலோர இடத்துக்காக மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவனை இரண்டு முறை எண்ணி, ஒருத்தியை விட்டாலும் நாற்பதுதான் வரும். "எல்லாரும் வந்தாச்சா?" என்று கத்துவது அதைவிட மோசம். வராத பிள்ளையா "நான் வரலை டீச்சர்" என்று சொல்லும்? பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாலும், இரண்டு பேரும் சேர்ந்தே ஐஸ் வாங்கப் போயிருந்தால் யார் சொல்வது?

ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள். அன்று வராத பிள்ளையின் எண்ணை வேறு யாருக்கும் தராதீர்கள். பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர், கையில் அந்தப் பத்துப் பெயர். எல்லாரும் உட்கார்ந்த பிறகு எண்ணைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து டிக் போடுங்கள். நண்பனுக்காக 'உள்ளேன் ஐயா' சொல்வது நம் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. சாப்பிட நிறுத்தினாலும் இதேதான். நான்கு ஆசிரியர்களும் கை தூக்காமல் வண்டி நகரக் கூடாது என்று ஓட்டுநரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது மருந்து. முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் டெட்டாலும் இருந்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே, என்ன மருந்து, எந்த வேளை, எவ்வளவு, எது ஒவ்வாது என்று பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். வீசிங் உள்ள பிள்ளையின் இன்ஹேலர் பேருந்தில் இருக்கவே கூடாது. வெண்ணெய்ப் பந்துக்குப் பக்கத்தில் மூச்சு இரைக்கும்போது பேருந்து எங்கோ நிறுத்துமிடத்தில் பூட்டிக் கிடக்கும். பிள்ளையின் பாக்கெட்டிலோ அந்தக் குழு ஆசிரியரின் தோள்பையிலோ இருக்கட்டும்.

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளை இருந்தால் இன்னும் கவனம். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் தூக்கமும் போகும், அவசரத்தில் காலை மாத்திரையும் விட்டுப்போகும். வலிப்பு வர இவை இரண்டுமே காரணமாகலாம். ஏறும்போதே அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். வலிப்பு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. தயவுசெய்து கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். உங்கள் கைப்பையில் இருக்கும் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கும் வைத்தியமும் வேண்டாம்.

கடலில் இறங்கக் கூடாது, கெஞ்சினாலும்.

இரவு பள்ளி வாசலில் ஒப்படைக்கும்போதும் அதே பட்டியல், அதே டிக். "பக்கத்து வீட்டு அண்ணன் வந்திருக்கார் டீச்சர்" என்று பிள்ளை சொன்னால், வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.